‘படங்கள்: கூகுள்’ என்று போட்டிருந்தேன்

2022 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. முதல் பீரியடுக்குக் கிளம்பும் அவசரத்தில் மெயிலைத் திறந்தேன். தலைப்பில் “உங்கள் காணொளி, 7:40” என்று மட்டும் இருந்தது. உள்ளே நாலைந்து வரி. “7:40-இல் நீங்கள் காட்டும் கண்மாய்ப் படம் நான் எடுத்தது. 2019 டிசம்பரில், ட்ரோன் வைத்து எடுத்தேன். வலது ஓரம் கீழே என் பெயர் இருந்தது. உங்கள் காணொளியில் இல்லை. நீங்கள் வெட்டினீர்களா, வேறு யாராவது வெட்டினார்களா என்று தெரியவில்லை. பதில் போடுங்கள்.” வகுப்பில் அன்று என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மத்தியானம் வரைக்கும் கை சில்லென்று இருந்தது.

நான் மதுரைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் புவியியல் உதவிப் பேராசிரியர். பத்து வருடமாக நீர்வள மேலாண்மை பேப்பர் எடுக்கிறேன். ஒவ்வொரு துறையும் காணொளிப் பாடம் தயாரிக்க வேண்டும் என்று கல்லூரியில் சொன்னபோது, கண்மாய்களைப் பற்றி ஆறு பாடம் செய்கிறேன் என்று நானே முன்வந்தேன். ஸ்டுடியோவுக்கு ஒரு நாளைக்கு 4,000 ரூபாய், இரண்டு நாள். எடிட்டருக்கு ஒரு காணொளிக்கு 1,500. ஆக 17,000 ரூபாய் என் கைக்காசு. கல்லூரியின் யூடியூப் சேனலில் ஏற்றினார்கள். ஒவ்வொரு காணொளியின் கடைசியிலும் மூன்று நொடி ஒரு ஸ்லைடு ஓடும்: “நன்றி. படங்கள்: கூகுள்.” என் கல்லூரியிலும் நான் போன கருத்தரங்குகளிலும் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். நன்றி சொல்லிவிட்டோம், முறையாகச் செய்துவிட்டோம் என்று உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏற்றுவதற்கு முன் நான் பேசவிருந்த எழுத்துப்படியை நூலகத்தில் கொடுத்து, எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளில் சோதித்தேன். ஒப்புமை 6 சதவீதம் என்று வந்தது. யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு விதிகளில் 10 சதவீதம் வரைக்கும் தண்டனை கிடையாது. அந்த 6-ஐப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த மென்பொருள் எழுத்தை எழுத்தோடுதான் ஒப்பிட்டது. ஸ்லைடில் இருக்கும் போட்டோவை அது பார்க்கவில்லை, நான் திரும்ப வரைந்த வரைபடத்தைப் பார்க்கவில்லை, ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் காதால் கேட்ட ஒன்றை நான் என் சொந்த வார்த்தையில் சொல்வதை அதற்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. நான் மாட்டியது இந்த மூன்றிலும்தான். காணொளி செய்பவர்கள் ஒப்புமை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

முதலில் படத்தின் கதை. அந்தப் போட்டோகிராபருக்கு அன்று சாயங்காலம் நான் போட்ட பதிலை இப்போது படித்தாலும் கூசுகிறது. “இது முழுக்கக் கல்விக்காகச் செய்தது, லாப நோக்கம் எதுவும் இல்லை” என்று எழுதினேன். அவரிடமிருந்து பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “லாபத்தைப் பற்றி நான் கேட்கவில்லை மேடம். என் பெயர் எங்கே என்று கேட்டேன்.” அதைப் படித்த பிறகுதான் இரண்டு வேறு விஷயங்களை நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அனுமதி என்பது ஒன்று, பெயர் சொல்வது என்பது வேறொன்று. காசு கொடுத்து உரிமை வாங்கிய படத்தையும் நானே எடுத்ததுபோல் காட்டினால் அது திருட்டுதான். காப்புரிமைக் காலம் முடிந்துபோன நூறு வருடத்துப் பழைய வரைபடத்துக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், ஆனால் வரைந்தது யார் என்று சொல்லத்தான் வேண்டும். அதேபோல் பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி தேவையில்லை என்றும் ஆகிவிடாது.

எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்தேன். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் ஆசிரியர் பாடம் நடத்தும்போது எடுத்தாளுவதற்கு விலக்கு இருப்பதைக் காட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வாக்கியத்திலேயே, “அது உன் வகுப்பறைக்குள் நீ நடத்தும்போது தைரியமாகச் சொல்லலாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி சேனலில் போட்டுவிட்டு இதையும் பாடம் நடத்துவது என்று வாதாட முடியுமா என்பது தனிக் கேள்வி, அதை நம்பி இறங்காதே” என்றார். பிறகு 57-ஆவது பிரிவைக் காட்டினார். படைப்பு தன்னுடையது என்று உரிமை கோரும் உரிமை படைத்தவருக்கு எப்போதும் உண்டு, அந்தப் படைப்பின் காப்புரிமையையே வேறொருவருக்கு விற்றிருந்தாலும் உண்டு. நான் மீறியது அதைத்தான். வகுப்பில் வருடக்கணக்காக ஓட்டிய ஸ்லைடுகளை அப்படியே கேமரா முன் ஓட்டினேன், அங்கேதான் தவறு தொடங்கியது. வகுப்பில் ஓட்டும் ஸ்லைடு நாற்பது பேர் பார்த்ததும் மறைந்துவிடும். பதிவு செய்தது யார் கைக்குப் போகும் என்று நம் கட்டுப்பாட்டில் இல்லை.

அந்தப் போட்டோகிராபர் நல்ல மனிதர் என்பதையும் சொல்ல வேண்டும். மெயில் போடுவதற்குப் பதில் யூடியூபில் நேராகக் காப்புரிமைப் புகார் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் காணொளி இறங்கியிருக்கும், சேனலுக்கு ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கை ஒன்று விழுந்து 90 நாள் கணக்கில் இருந்திருக்கும். அந்தக் காலத்துக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலையே மூடிவிட இடமுண்டு. அது என் சேனல்கூட இல்லை, கல்லூரியின் சேனல். இருபது ஆசிரியர்களின் பாடம் அதில் இருக்கிறது. என் ஒருத்தியின் ஸ்லைடால் அத்தனையும் போயிருக்கக்கூடும் என்று நினைத்தபோது அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். காணொளியைப் பொறுத்தவரை திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை அப்போதுதான் கற்றேன். கட்டுரையென்றால் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். யூடியூபில் ஏற்றிய கோப்பை எடுத்துவிட்டு அதே இணைப்பில் புதுக் கோப்பை வைக்க முடியாது. நடுவில் ஒரு துண்டை வெட்டலாம், ஒரு பகுதியை மங்கலாக்கலாம், கீழே இருக்கும் விவரக் குறிப்பை மாற்றலாம், அவ்வளவுதான். 7:40 முதல் 8:20 வரை வெட்டிப் பார்த்தேன். அடுத்த வாக்கியம் “இந்தப் படத்தில் பார்த்தீர்களே, அந்த மடைக்கு மேலே” என்று தொடங்குகிறது. வெட்டியதால் பாடமே புரியாமல் போனது. விவரக் குறிப்பில் அவர் பெயரைச் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி, அதே காணொளியின் ஒரு நிமிடத் துண்டு அவர்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடுவதைக் காட்டினாள். அந்தத் துண்டோடு விவரக் குறிப்பு போகவில்லை, கடைசி நன்றி ஸ்லைடும் போகவில்லை. படம் மட்டும் போகிறது, என் குரல் போகிறது. பெயர் படத்தோடு ஒட்டிக்கொண்டு அதே ஸ்லைடில் இல்லையென்றால் அது எங்கேயும் இல்லாததற்குச் சமம் என்று அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இதெல்லாம் போட்டோவோடு முடிந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். கல்லூரியில் விஷயம் பரவியதும், மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்தான். கையில் நூலகத்திலிருந்து எடுத்த பழைய ஆய்வேடு. “மேடம், தப்பா நெனைக்காதீங்க. இரண்டாவது வீடியோல நீங்க வரைஞ்ச கண்மாய் குறுக்குவெட்டு இதுல இருக்கு. பனைமரம்கூட அதே எடத்துல இருக்கு” என்றான். புரட்டிப் பார்த்தேன். கரை, தண்ணீர் தேங்கும் உள்வாய், தண்ணீர் திறந்துவிடும் மடை, நிறைந்தது வழிந்தோடும் கலுங்கு, அதற்குக் கீழே கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல். கரையின் மேல், இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த ஒற்றைப் பனை. என் ஸ்லைடிலும் அதே சாய்வில் அதே பனை. நான் நிறம் மாற்றியிருந்தேன், ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கியிருந்தேன், கோடுகளை மென்பொருளில் புதிதாகப் போட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் செலவழித்து வரைந்ததால் அது என் படம் என்றே மனதில் பதிந்துவிட்டது.

இதில் பலர் ஏமாறுகிறோம். திரும்ப வரைந்தால் நம்முடையது ஆகிவிடும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கண்மாய்க்குக் கரை உண்டு, மடை உண்டு என்பது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எதை எங்கே வைத்துக் காட்டுவது, சரிவை எவ்வளவு மிகைப்படுத்துவது, எதை விட்டுவிடுவது, எத்தனை அம்புக்குறியில் தண்ணீரின் போக்கைச் சொல்வது, இதையெல்லாம் ஒருவர் யோசித்து முடிவு செய்திருக்கிறார். நான் எடுத்துக்கொண்டது அவருடைய அந்த முடிவுகளை. இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இதுதான்: மூலத்தை மூடிவைத்துவிட்டு, நேரில் பார்த்த ஒரு கண்மாயை நினைத்து வெறும் தாளில் வரைகிறேன். முதலில் அப்படி வரைந்தபோது என் படம் குறுக்குவெட்டாகவே வரவில்லை, மேலிருந்து பார்க்கும் படமாக வந்தது. நான் கண்மாயை எப்போதும் கரைமேல் நின்றுதானே பார்த்திருக்கிறேன். குறுக்குவெட்டுதான் வேண்டுமென்றால், “இன்னாருடைய ஆய்வேட்டில் உள்ள படத்தைத் தழுவி வரைந்தது, குறிப்புகள் தமிழாக்கப்பட்டுள்ளன” என்று அதன் கீழேயே போட வேண்டும். தழுவியது என்று சொல்வதோடு எதை மாற்றினோம் என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாம் செய்த பிழை அவர் தலையில் விழும். என் படத்தில் மடையின் உயரத்தைத் தவறாகப் போட்டிருந்தேன், அவருடையதில் சரியாக இருந்தது.

மூன்றாவதைச் சொல்லத்தான் எனக்குச் சிரமமாக இருக்கிறது. சங்கிலித் தொடராக இருக்கும் கண்மாய்களை விளக்க நான் ஒரு உவமை சொல்வேன். கல்யாணப் பந்தி. மேல் கண்மாய் முதல் வரிசை இலை, அடுத்த கண்மாய் இரண்டாம் வரிசை இலை. பரிமாறுகிறவர் முதல் வரிசைக்குப் போட்டுக்கொண்டேதான் அடுத்ததற்கு வருவார். கலுங்கின் உயரம் என்பது இலையின் அளவு. அது நிறைந்ததும் மீதி அடுத்த இலைக்குப் போயாக வேண்டும். கலுங்கின் மேல் மணல்மூட்டையை அடுக்கி உயர்த்துகிறவர், அடுத்த வரிசைக்காரன் சோற்றையும் தன் இலையிலேயே கொட்டச் சொல்கிறவர். கீழ் ஊர்க்காரர்கள் மேல் ஊர்க்காரர்களோடு ஏன் சண்டைக்குப் போகிறார்கள் என்பதை இதைவிட வேகமாக விளக்க முடியாது. நான்காவது காணொளியில் இதைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு மாணவி, “பந்தி எக்ஸாம்பிள் சூப்பர் மேடம்” என்றபோது நான் சிரித்துக்கொண்டே தேங்க்ஸ் சொன்னேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் அந்தக் காணொளியின் கீழ் ஒருவர் எழுதியிருந்தார். “இது எங்கள் சார் சொல்லும் உவமை. 2017 பட்டறையில் சொன்னார். நீங்களும் அங்கே இருந்தீர்கள் மேடம்.” பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மதுரையில் நடத்திய இரண்டு நாள் பட்டறை அது. நான் போயிருந்தேன், உண்மைதான். ஆனால் பந்தி உவமை அங்கே கேட்டது என்று சத்தியமாக எனக்கு நினைவே இல்லை. வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைக் கிளறினேன். 2017 நோட்டில், நீல மையில், என் கையெழுத்தில் இருந்தது: “பந்தி = சங்கிலிக் கண்மாய். கலுங்கு = இலை.” பக்கத்தில் ஓரமாகச் சாரின் பெயர். அதற்கும் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டு இன்னொரு பெயர், “நீர்க்கட்டி” என்று அடைப்புக்குறிக்குள். கண்மாயின் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவரை அப்படிச் சொல்வார்கள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெயரை நான் எழுதித்தான் வைத்திருக்கிறேன். அந்த நோட்டிலிருந்து வகுப்புக் குறிப்புக்கு மாற்றும்போது பெயர் வரவில்லை. வகுப்புக் குறிப்பிலிருந்து ஸ்லைடுக்குப் போகும்போது “பந்தி” என்ற ஒரு சொல்தான் போனது. ஐந்து வருடம் வகுப்பில் சொல்லிச் சொல்லி அதன் ஏற்ற இறக்கம்கூட என்னுடையதாகிவிட்டது. கேமரா முன் நின்றபோது அது என் யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. யாரும் மூலத்தை வேண்டுமென்று மறைக்க வேண்டியதில்லை. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உதிர்ந்துவிடுகிறது. அதனால்தான் பேச்சில் கேட்டதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து என்று நினைக்கிறேன். படத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, காதில் கேட்டதைத் தேட எந்த வழியும் இல்லை.

சாருக்கு போன் செய்தேன். எண்ணை அழுத்தவே இரண்டு நாள் ஆனது. விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, “எம்பேரு வேணும்னு இல்லம்மா. அந்தப் பந்தி நான் யோசிச்சதில்ல. எங்க கண்மாய் நீர்க்கட்டி சொன்னது. அவர் செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு. ஒவ்வொரு கூட்டத்துலயும் அவர் பேரச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அதான் கஷ்டமாப் போச்சு” என்றார். என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஒருவர் பெயரை விட்டதாக நினைத்துப் பேசினேன், இரண்டு பேருடையதை விட்டிருக்கிறேன். அதில் ஒருவர் தனக்காகப் பேச இல்லை.

அதன் பிறகு ஆறு காணொளிகளையும் பட்டியலிலிருந்து மறைத்துவைக்கும்படி கேட்டுக்கொண்டு, முதலிலிருந்து தணிக்கை செய்தேன். ஐந்து வாரம், தினமும் சாயங்காலம். ஒரு எக்செல் தாளில் ஸ்லைடு எண், என்ன பொருள், யாருடையது, எங்கே கிடைத்தது, என்ன உரிமம், அனுமதி வந்த தேதி என்று ஆறு பத்தி. மொத்தம் 61 படங்கள். 19 நானே எடுத்தவை. 14 விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்திலிருந்து எடுத்தவை. 9 அரசு அறிக்கைகளிலிருந்தும் கூகுள் எர்த்திலிருந்தும் எடுத்தவை. மீதி 19 எங்கிருந்து வந்தன என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு முன் இந்தப் பேப்பரை எடுத்த ஆசிரியர் கொடுத்துவிட்டுப் போன ஸ்லைடுகளிலிருந்து சில வந்திருந்தன, அவருக்கும் மூலம் தெரியவில்லை.

காமன்ஸ் படங்களில் எனக்கு அனுமதிப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எடுத்தவர் பெயரும் உரிமமும் போட்டிருக்கிறது. நான் அதைப் படிக்காமலே தரவிறக்கியிருந்தேன். என்னுடைய 14-இல் பெரும்பாலானவை CC BY அல்லது CC BY-SA என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தவை. இரண்டிலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆனால் பெயர் போடுவது இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை. பெயரை விட்டால் அந்த இலவச அனுமதியே நமக்குக் கிடையாது. படத்தின் தலைப்பு, எடுத்தவர், எங்கே கிடைத்தது, உரிமத்தின் பெயர், இந்த நாலையும் போட வேண்டும். நாலு படங்களை நான் ஓரம் வெட்டியிருந்தேன். அவற்றில் “வெட்டப்பட்டது” என்றும் சேர்த்தேன். கூகுள் எர்த் படங்களில் கீழே சிறிதாக மூலத்தின் பெயர் தானாகவே வரும். ஸ்லைடு அழகாக இருக்க வேண்டும் என்று நான் அதை வெட்டியிருந்தேன். அந்த வரி தெரியும்படி மறுபடி எடுத்தேன்.

தெரியாத 19 படங்களுக்குத்தான் அதிக நேரம் போனது. ஒரு படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித் தரும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன். டின்ஐயில் மிகப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். ஆனால் அது காட்டும் தேதி, அந்தப் படத்தை அது முதலில் எங்கே கண்டது என்பதன் தேதி மட்டுமே. மிகப் பழைய பக்கத்தை வைத்திருப்பவர் படத்தின் சொந்தக்காரர் என்று ஆகாது, அவரும் வேறு இடத்திலிருந்து எடுத்திருக்கலாம். எனக்கு உதவியது இன்னொரு குறிப்பு. கிடைத்த பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் ஓரங்கள் அதிகம் தெரிகின்றன என்று பார்த்தேன். வெட்டிய படத்தில் இல்லாத ஓரத்தைச் சாதாரணமாக யாரும் சேர்க்க மாட்டார்கள். ஆகவே அதிகம் தெரியும் பிரதி மூலத்துக்கு நெருக்கமானது. ட்ரோன் படத்திலேயே இதைச் சோதித்தேன். என் ஸ்லைடில் கரை மட்டும்தான் இருந்தது. தேடியதில் கிடைத்த ஒரு பிரதியில் வலது பக்கம் அய்யனார் கோயில் மண்குதிரைகளும் அதற்குக் கீழே அவர் பெயரும் இருந்தன.

அப்படி அவருடையதையும் சேர்த்து 12 படங்களின் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தேன். 7 கிடைக்கவே இல்லை, தூக்கிவிட்டேன். கண்டுபிடித்தவர்களுக்கு எழுதும்போது, நான் யார், எந்தப் படம், எந்தக் காணொளியில் எத்தனை நொடி வரும், சேனலில் விளம்பர வருமானம் உண்டா இல்லையா, அவர் பெயர் எப்படித் திரையில் தெரியும் என்று எல்லாவற்றையும் எழுதி, ஸ்லைடின் மாதிரியையும் இணைத்தேன். 8 பேர் உடனே சரி என்றார்கள். சிலர் ஸ்பெல்லிங்கைத் திருத்தி அனுப்பினார்கள், அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு. 3 பேரிடமிருந்து பதிலே இல்லை. பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் அவற்றையும் எடுத்துவிட்டேன். ட்ரோன் படம் எடுத்தவர் தன் வழக்கமான கட்டணம் 3,000 ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

எடுத்துவிட்ட பத்துப் படங்களுக்குப் பதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் மாணவர்களோடு போய் நாங்களே எடுத்தோம். நான்கு காணொளிகளைத் திரும்பப் பதிவு செய்தேன். ஸ்டுடியோ ஒரு நாள் 4,000, எடிட்டருக்கு 6,000, படத்துக்கு 3,000. முதலில் செலவழித்த 17,000-த்தோடு சேர்த்து 30,000 ரூபாய். பழைய இணைப்புகளில் சேர்ந்திருந்த பார்வைகளும் மாணவர்கள் கேட்டிருந்த கேள்விகளும் போயின. முதல்வர் முன் நின்று விளக்கம் எழுதிக் கொடுத்ததும் சேர்த்தால், அந்த இரண்டு மாதத்தை நான் மறுபடி அனுபவிக்க விரும்பவில்லை.

இப்போது ஸ்லைடு செய்யும்போது என் பழக்கம் மாறிவிட்டது. படத்தை ஒட்டுவதற்கு முன் அதன் இணைப்பை அந்த ஸ்லைடின் குறிப்புப் பகுதியில் ஒட்டுகிறேன். இந்த வரிசை முக்கியம். படம் ஒட்டியானதும் மனம் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும், அப்புறம் இணைப்பு ஒட்ட மாட்டோம். பெயரைப் படத்துக்கு நேர் கீழே, அதே ஸ்லைடில் போடுகிறேன். முதலில் 10 புள்ளியில் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தேன். போனில் 360p-இல் ஓட்டிப் பார்த்தால் கொசு மொய்த்ததுபோல் இருந்தது. என் மாணவர்கள் டேட்டா மிச்சப்படுத்த அந்தத் தரத்தில்தான் பார்க்கிறார்கள். 18 புள்ளிக்குக் கொண்டுவந்த பிறகுதான் படிக்க முடிந்தது. ஸ்லைடு திரையில் நிற்கும் நேரம் முழுக்க அந்த வரியும் நிற்க வேண்டும் என்று எடிட்டரிடம் சொல்லிவிட்டேன். இல்லையென்றால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும்போது கீழே இருக்கும் வரி வெளியே போய்விடுகிறது. ஒரு முறை அப்படி நடந்தது.

பேச்சில் கேட்டதற்குத் திரையில் இடமில்லை, வாயால்தான் சொல்ல வேண்டும். எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் குழப்பம் இருந்தது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும் என்பதற்கு யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஒரு உவமை, ஒரு உதாரணம், பாடத்தை இந்த வரிசையில் அடுக்கலாம் என்ற யோசனை, இவை வேறு. எழுத்துப்படியைப் படிக்கும்போது, இந்த இடத்தை யாராவது பாராட்டினால் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ள முடியுமா என்று ஒவ்வொரு பத்தியிலும் கேட்டுக்கொள்கிறேன். தயக்கம் வந்தால் நோட்டைப் புரட்டுகிறேன். பட்டறைக்குப் போனால் இப்போது தேதி, இடம், பேசியவர் பெயரை ஓரத்தில் எழுதுவதில்லை, குறிப்பின் முதல் வார்த்தையாகவே எழுதுகிறேன். நகல் எடுக்கும்போது ஓரத்தில் இருப்பதைத்தான் கை விட்டுவிடுகிறது. அதை வெளியே சொல்வதற்கு முன் பேசியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். சிலர் தாங்கள் இன்னும் எழுதாத விஷயத்தைப் பேசியிருப்பார்கள், அது முதலில் நம் காணொளியில் வந்துவிடக் கூடாது.

நான்காவது பாடத்தை மறுபடி பதிவு செய்வதற்கு முன் அந்தப் பத்தியைச் சாருக்குப் போனில் படித்துக் காட்டினேன். “சங்கிலிக் கண்மாயைக் கல்யாணப் பந்தியோடு ஒப்பிட்டுச் சொன்னவர் ஒரு நீர்க்கட்டி” என்று தொடங்கி, அவர் பெயர், அவர் மடை திறந்த கண்மாயின் பெயர், அதை எனக்குச் சொன்ன சாரின் பெயர், 2017, மதுரை என்று வரும். கண்மாயின் பெயரை நான் தவறாக உச்சரித்திருந்தேன். சார் திருத்தினார். பிறகு நீர்க்கட்டியின் பேரன் பக்கத்து ஊரில் இருப்பதாகவும், பாடம் ஏறியதும் இணைப்பை அவனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அடுத்த நாள் அவன் ஒரு பழைய போட்டோவை அனுப்பியிருந்தான். இடுப்பில் துண்டோடு, மண்வெட்டி பிடித்துக்கொண்டு ஒருவர் கலுங்கின் மேல் நிற்கிறார். இதைப் பாடத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். போடுங்க மேடம், எடுத்தது எங்க பெரியப்பா, அவர் பேரும் வரணும் என்று எழுதினான்.